மூன்றாண்டு இடைவெளிக்கு முக்கால் பக்கக் கடிதம்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவரின் தன்விவரக் குறிப்பில் ஒரு வேலை 2021-இல் முடிகிறது. அதற்குப் பிறகு 2024 வரை ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரின் கண் தானாக நிற்கும். விண்ணப்பதாரர் எதிரில் இருந்தால் ஒரு கேள்வியில் விஷயம் தெரிந்துவிடும். எதிரில் இருப்பதோ காகிதம். கேள்விக்குப் பதில் இல்லாத காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது எளிது. இப்படி ஓரமாகப் போகாமல் இருப்பதற்காகத்தான் விண்ணப்பத்தோடு ஒரு சிறு கடிதம் வைக்கிறோம். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை நான் வேலையில் இல்லை, காரணம் இது, இப்போது நிலைமை இது என்று சொல்லும் கடிதம்.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதை மன்னிப்புக் கடிதமாக எழுதிவிடுகிறார்கள். வீட்டுக் கஷ்டம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. படிக்கிறவருக்கு மனம் இளகலாம், ஆனால் அவர் தேடிய பதில் கிடைப்பதில்லை. அவர் தேடுவது மூன்றே விஷயங்கள். தேதிகள் சரியா? காரணம் முடிந்துவிட்டதா? இந்தக் காலத்தில் தொழிலில் வந்த மாற்றங்கள் இவருக்குத் தெரியுமா? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்கு இடமே ஒதுக்காமல் முதல் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வழக்கமான கோளாறு.

ஒரு கற்பனை உதாரணத்தை வைத்து இதைப் பார்ப்போம். கோவைக்காரர் ஒருவர், பெயர் கலைச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். பி.காம். படித்தவர். குறிச்சி சிட்கோவில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் 2013 ஜூன் முதல் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். 2021 தொடக்கத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. கையில் எட்டு மாதக் குழந்தை. வேலையை விட்டார். 2024 ஜூலையில், பீளமேட்டில் வேறொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார்.

அவர் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: "என் மாமனாருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து வலது கை, கால் செயலிழந்துவிட்டது. மாமியாருக்கும் சர்க்கரை நோய். வீட்டில் வேறு யாரும் இல்லாத காரணத்தால் வேறு வழியின்றி, எனக்கு மிகவும் பிடித்த வேலையை 2021 ஏப்ரலில் விட நேர்ந்தது. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால் கடுமையாக உழைப்பேன்." இதே தொனியில் ஒன்றரைப் பக்கம் போகிறது. இதில் சொன்னது எல்லாமே உண்மை, ஒன்றைத் தவிர. அவர் வேலையை விட்டது ஏப்ரலில் அல்ல.

முதலில் தேதி

கடிதத்தில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பழைய நிறுவனம் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் கலைச்செல்வியின் கடைசி வேலை நாள் 27.02.2021 என்று இருக்கிறது. கணக்கு முடித்துப் பணம் கைக்கு வந்தது ஏப்ரலில். அதனால் அவர் மனதில் ஏப்ரல் என்று பதிந்துவிட்டது. இப்படிப் பலருக்கும் நேரும்.

இரண்டு மாதம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். வேலை உறுதியான பிறகு, பல நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை அதற்கென்றே இருக்கும் வெளி நிறுவனத்திடம் கொடுக்கின்றன. அவர்கள் விடுவிப்புக் கடிதத்தோடு நிற்பதில்லை. வருங்கால வைப்பு நிதியின் பணி வரலாற்றையும் கேட்பார்கள். பி.எஃப். சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண் உண்டு. எத்தனை நிறுவனம் மாறினாலும் அந்த எண் மாறாது. அதில் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். கடிதத்தில் ஏப்ரல், பி.எஃப். பதிவில் பிப்ரவரி என்று இருந்தால், இடைவெளியைக் குறைத்துக் காட்ட முயன்றார் என்றுதான் அறிக்கையில் வரும். ஞாபகப் பிசகு என்று விளக்க அப்போது அவர் அங்கே இருக்கப் போவதில்லை.

பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் உள்ளே போய் View என்பதன் கீழ் Service History என்பதைத் திறந்தால் இந்தத் தேதிகளை நாமே பார்க்கலாம். அங்கே இன்னொரு சிக்கலும் கண்ணில் படலாம். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமலே விட்டிருக்கும். பதிவின்படி பார்த்தால் நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள்! மூன்றாண்டாக வீட்டில் இருந்தேன் என்று கடிதம் சொல்ல, இன்னும் வேலையில் இருக்கிறார் என்று பதிவு சொன்னால் சரிபார்ப்பவர் குழம்பிப்போவார். இதற்குப் பழைய முதலாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கடந்திருந்தால், அதே தளத்தில் Manage என்பதன் கீழ் Mark Exit என்பதில் உறுப்பினரே விலகிய தேதியைப் பதியலாம். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கானதோ அந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் கொடுக்க முடியும். இதைச் செய்துவிட்டுத்தான் கடிதத்தை எழுத உட்கார வேண்டும்.

இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் பலவற்றில் பி.எஃப். இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விடுவிப்புக் கடிதமும், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரமும்தான் ஆதாரம். கடைசிச் சம்பளம் எந்த மாதம் வரவாகியிருக்கிறது என்று பார்த்துத் தேதியை உறுதி செய்துகொள்ளலாம்.

தன்விவரக் குறிப்பில் மாதத்தை விட்டுவிட்டு "2013–2021" என்று ஆண்டை மட்டும் போடுவது பரவலாக இருக்கிறது. 2021 டிசம்பரில் விலகியவரும் அப்படித்தான் எழுதுவார், பிப்ரவரியில் விலகியவரும் அப்படித்தான் எழுதுவார். படிக்கிறவருக்கு இது தெரியும். மாதம் இல்லாத இடத்தில் அவர் மோசமான பக்கத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வார். மாதத்தோடு எழுதுவதே நல்லது.

காரணத்துக்கு ஒரு வாக்கியம், முடிந்ததற்கு ஒரு வாக்கியம்

காரணம் பொய்யாக இருக்கக் கூடாது, நீளமாகவும் இருக்கக் கூடாது. மாமனாரின் நோய், எந்தக் கை விளங்கவில்லை, மாமியாரின் சர்க்கரை அளவு எதுவும் வேண்டியதில்லை. "மாமனாரின் நீண்டகாலச் சிகிச்சையையும் கைக்குழந்தையையும் கவனிப்பதற்காக" என்றால் போதும். குடும்பத்தாரின் நோய் விவரம் அவர்களுடையது. முன்பின் தெரியாத அலுவலகத்தின் கோப்பில் அது கிடக்க வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கைகளின் நகல்களையும் இணைக்க வேண்டாம்.

சொந்த உடல்நலக் குறைவுக்காக விலகியவருக்கும் இதுவே பொருந்தும். நோயின் பெயர் இல்லாமலே, சிகிச்சை முடிந்தது, இந்த வேலையை முழுநேரமும் செய்யத் தகுதியாக இருக்கிறேன் என்று எழுதலாம். ஆட்குறைப்பில் வேலை போனவர் அதை அப்படியே சொல்லலாம். பழைய நிறுவனத்தின் மீது ஒரு குறையும் இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. அந்தக் குறை நியாயமானதாக இருந்தாலும் சரி, புது நிறுவனத்தால் அதை விசாரிக்க முடியாது. அதனால் சொன்னவர் மீதுதான் சந்தேகம் வரும். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர்கள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று சொல்லி, அந்த முயற்சியை நிறுத்திவிட்டதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அடுத்த அறிவிப்பு வந்ததும் போய்விடுவார் என்றே நினைப்பார்கள்.

காரணத்துக்கு அடுத்து வர வேண்டியது அது முடிந்துவிட்டது என்ற செய்தி. முதல் வரைவுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். கலைச்செல்வியின் ஒன்றரைப் பக்கத்தில் மாமனார் படுக்கையில் விழுந்த கதை இருக்கிறது, எழுந்து நடமாடுவது இல்லை. மகள் 2024 ஜூனில் பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்பதும் இல்லை. படிக்கிறவரைப் பொறுத்தவரை அந்த வீட்டில் நிலைமை இன்னும் 2021-இலேயே நிற்கிறது. இரண்டாவது மாதமே விடுப்புக் கேட்பாரோ என்ற அச்சம்தான் அவருக்கு வரும்.

இடையில் தொழில் எங்கே போயிருக்கிறது?

கலைச்செல்வி வீட்டில் இருந்த காலத்தில் கணக்குப் பிரிவின் வேலை அப்படியே நிற்கவில்லை. அவர் வேலையை விட்டபோது, ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குத்தான் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அவருடைய பழைய நிறுவனம் அதன் கிட்டவே வராது. 2021 ஏப்ரலில் அந்த வரம்பு 50 கோடியானது. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. இப்போது பீளமேட்டு நிறுவனம் வேறொரு நிறுவனத்துக்கு விற்கும் சரக்குக்குப் பில் போட்டால், அதை அரசின் தளத்தில் பதிந்து, ஐ.ஆர்.என். என்ற எண்ணும் கியூ.ஆர். குறியீடும் வாங்க வேண்டும். தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்திலேயே ரத்து செய்யலாம். நேரம் கடந்துவிட்டால் அங்கே ரத்து செய்ய முடியாது, கிரெடிட் நோட்டு போட்டுச் சரிசெய்யலாம்.

கொள்முதல் பக்கத்திலும் இப்படித்தான். சரக்கு விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்து, அந்தப் பில் நம்முடைய ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் வந்தால்தான் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும் என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் இறுகிவிட்டது. அதற்கு முன், வராத பில்களுக்கும் ஒரு சிறு சதவீதம் வரை சலுகை இருந்தது. குறு, சிறு தொழில் நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு உரிய காலத்தில் பணம் கொடுக்காவிட்டால், அந்த ஆண்டின் செலவாக அதை வருமான வரியில் காட்ட முடியாது என்ற விதி 2023–24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. உதிரிபாகத் தொழிலில் கடனில் வாங்குவதே வழக்கம் என்பதால், யாருக்கு எந்தத் தேதிக்குள் பணம் போக வேண்டும் என்று பார்ப்பதே கணக்குப் பிரிவுக்குப் புது வேலையாகிவிட்டது.

நேர்காணலில் கலைச்செல்வியின் முன் வரப்போகும் கேள்விகள் இவைதான். "டூபி-யில வராத பில்லுக்கு ஐ.டி.சி. எடுப்பீங்களாம்மா?" என்று கணக்கு மேலாளர் கேட்பார். "எடுக்க மாட்டேன் சார், சப்ளையர்கிட்ட ஃபைல் பண்ணச் சொல்லி, அது வர்ற மாசம் எடுப்பேன்" என்று பதில் வந்தால், மூன்று ஆண்டு இடைவெளி அந்த அறையில் பாதி கரைந்துவிடும். இந்தப் பதில் தெரியும் என்பதைக் கடிதமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால்தான் நேர்காணலுக்கே அழைப்பு வரும்.

நல்ல வேளையாக அவருக்குச் சொல்வதற்கு இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து, அதே ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் போய்ப் பதிவு வேலை பார்க்கிறார். இதைப் பெரிய வேலையாக அவர் நினைக்காததால் முதல் வரைவில் சேர்க்கவே இல்லை. கடிதத்தின் நடுமுள் அதுதான். சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். யாராவது போன் செய்து கேட்டால் உறுதி செய்வீர்களா என்று அந்த ஆடிட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி எதுவும் செய்யாதவர்கள் என்ன எழுதுவது? செய்யாததைச் செய்ததாக எழுதக் கூடாது. விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, தன் தொழிலில் வந்த இரண்டு மூன்று மாற்றங்களைக் கையால் செய்து பார்த்துப் பழகிவிட்டு, அதை மட்டும் எழுதலாம். "கணினிப் பயிற்சி பெற்றேன்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. எதைச் செய்யத் தெரியும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

திருத்திய கடிதம்

இந்த வகைக் கடிதங்களை நம் ஊர் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அமைப்பு புரிவதற்காகக் கலைச்செல்வியின் கடிதத்தைத் தமிழில் தருகிறேன்.

*பொருள்: கணக்குப் பிரிவு வேலைக்கான விண்ணப்பம் – மார்ச் 2021 முதல் முழுநேர வேலையில் இல்லாத காலம் குறித்து.*

*ஐயா,*

*கணக்குப் பிரிவு வேலைக்கான என் விண்ணப்பத்துடன் இக்கடிதத்தை இணைத்துள்ளேன்.*

*10.06.2013 முதல் 27.02.2021 வரை பம்ப் உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். விடுவிப்புக் கடிதத்தின் நகல் இணைப்பில் உள்ளது. மாமனாரின் நீண்டகாலச் சிகிச்சையையும் கைக்குழந்தையையும் கவனிப்பதற்காக அந்த வேலையிலிருந்து விலகினேன். மாமனார் இப்போது தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். மகள் 2024 ஜூன் முதல் பள்ளிக்குச் செல்கிறாள். முழுநேர வேலைக்கு வருவதில் எனக்குத் தடை எதுவும் இல்லை.*

*2024 ஜனவரி முதல் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் பகுதிநேரமாகப் பணியாற்றுகிறேன். அங்கு இ-இன்வாய்ஸ் எடுப்பது, கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்.-2பி உடன் மாதந்தோறும் ஒப்பிடுவது, சிறு தொழில் நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளின் கெடு தேதிப் பட்டியலைப் பராமரிப்பது ஆகியவற்றைச் செய்துவருகிறேன். தேவைப்பட்டால் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளலாம்.*

*நேரில் விளக்க வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

இவ்வளவுதான், முக்கால் பக்கம். காரணத்துக்கு ஒரு வாக்கியம் போயிருக்கிறது. இப்போது செய்துவரும் வேலைக்கு ஒரு பத்தி கிடைத்திருக்கிறது. "வேறு வழியின்றி", "தயவுசெய்து ஒரு வாய்ப்பு", "கடுமையாக உழைப்பேன்" எல்லாம் போய்விட்டன. சம்பளப் பேச்சும் இல்லை. இடைவெளி இருக்கிறது, அதனால் குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று இங்கே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேரம் பேச வாயிருக்காது.

இந்தக் கடிதத்தால் எல்லாம் ஆகிவிடாது. வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பித்தால், முதலில் பார்க்கப்படுவது தன்விவரக் குறிப்புதான். இணைப்பைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே "மார்ச் 2021 – டிசம்பர் 2023: குடும்பப் பொறுப்பு; ஜனவரி 2024 முதல்: பகுதிநேரக் கணக்குப் பணி" என்ற ஒரு வரி, பணி அனுபவத்தின் நடுவிலேயே தேதி வரிசையில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாத இடைவெளிக்குத் தனிக் கடிதம் தேவையே இல்லை. இல்லாத சந்தேகத்தை அது கிளப்பிவிடும்.

வேலை உறுதியான பிறகு சில நிறுவனங்கள் முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு, இடைவெளிக் காலத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்கின்றன. அச்சடித்த மாதிரியில் "இக்காலத்தில் நான் எந்த வேலையும் பார்க்கவில்லை" என்ற வரி இருக்கும். கலைச்செல்வி அதில் அப்படியே கையெழுத்துப் போடக் கூடாது, பகுதிநேர வேலை பார்த்திருக்கிறாரே! ஆடிட்டர் கொடுத்த பணத்துக்கு டி.டி.எஸ். பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தின் 26ஏ.எஸ். படிவத்திலும் இருக்கும். கடிதத்தில் உள்ளபடி பத்திரத்தையும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பது அவருடைய உரிமை. கடிதம், தன்விவரக் குறிப்பு, பி.எஃப். பதிவு, பத்திரம் ஆகிய நான்கிலும் ஒரே தேதி இருந்தால் சரிபார்ப்பு ஒரு சடங்காக முடிந்துவிடும்.

கடிதத்தைப் படிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிந்துவிட்டது என்று எழுதிய காரணத்தையே நேர்காணலில் திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்கும் கேள்வியை, அதே வயதில் குழந்தை உள்ள ஓர் ஆணிடம் நாம் கேட்பதில்லை. இ-இன்வாய்ஸ் போடத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் வேலை கொடுங்கள்.

எழுதப் போகிறவர்கள் பேனாவை எடுப்பதற்கு முன் விடுவிப்புக் கடிதத்தையும் பி.எஃப். பணி வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தேதி ஒத்துப்போகாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கடிதத்தை அதன் பிறகு எழுதலாம்.